சுணக்கமா, மறைநிலையா?

‘5ஜி-யில் மறைநிலை குறைவு’ என்று ஒரு வரி தமிழில் நடமாடிக்கொண்டிருக்கிறது. டர்பனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை இதைப் படித்தால் என்ன நினைக்கும்? குரோம் உலாவியில் தடம் பதியாமல் உலாவும் வசதிக்குப் பெயர் மறைநிலை. ஆக, 5ஜி போட்டால் நம் அந்தரங்கம் போய்விடும் என்றுதான் அது புரிந்துகொள்ளும். சொல்ல வந்ததோ லேட்டன்சி: நாம் ஒன்றைக் கேட்டதற்கும், மறுமொழி வரத் தொடங்குவதற்கும் இடையே கழியும் நேரம்.

பிழையின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே மூலச்சொல்லுக்கு ‘ஒளிந்திருத்தல்’ என்று பொருள். நோய் உடம்பில் வெளித்தெரியாமல் இருக்கும் காலத்தை மருத்துவர்கள் அப்படிச் சொன்னார்கள். பிறகு தூண்டலுக்கும் எதிர்வினைக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு அச்சொல் போயிற்று, அங்கிருந்து கணினிக்கு வந்தது. வரும் வழியில் ஒளிதல் உதிர்ந்து, காத்திருப்பு மட்டுமே மிஞ்சியது. உதிர்ந்ததைப் பொறுக்கி எடுத்துத் தமிழில் ஒட்டியதுதான் ‘மறைநிலை’. அகராதியில் முதல் பொருளைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடும் வழக்கம் செய்கிற வேலை இது.

‘தாமதம்’ இவ்வளவு மோசமில்லை. வடமொழி வழி வந்தது என்பதற்காக நான் அதைத் தள்ளவும் இல்லை. ஆனால் தாமதம் என்றால் குறித்த நேரம் ஒன்று இருந்து, அது தப்பியிருக்க வேண்டும். எட்டு மணிப் பேருந்து எட்டரைக்கு வந்தால் தாமதம். லேட்டன்சியில் யாரும் நேரம் தப்பவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அது இருக்கும். சுணங்குதல் அப்படி ஒரு கெடுவைக் கேட்பதில்லை. ‘வேலையில் சுணக்கம்’ என்றால் மந்தமாக நகர்கிறது என்று விளங்கிவிடுகிறது. அதனால் சுணக்கம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல, கணக்கிலும் தெரியும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். டர்பனிலிருந்து லண்டன் வரை கடலடிக் கம்பி வழி 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 75, வர 75, ஆக 150 மில்லிவினாடி ஒளியின் ஓட்டத்துக்கே போய்விடும். கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான பங்கு 4ஜி-யில் 40, 5ஜி-யில் 20 என்று கொண்டால், மொத்தம் 190 என்பது 170 ஆகிறது. எந்த விரலுக்கும் இது தெரியாது. அதே கைபேசி 600 கிலோமீட்டர் தொலைவில் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விளையாட்டு வழங்கியோடு பேசினால் இழைக்கு 6 மில்லிவினாடிதான். 46 இருந்தது 26 ஆகும். சுட்டு விளையாடும் பையனுக்கு இது நன்றாகவே தெரியும்.

விளம்பரங்களில் வரும் ‘1 மில்லிவினாடி’ இந்த இரண்டுமே அல்ல. அது வானலைப் பகுதிக்கு மட்டும், அதுவும் தொழிற்சாலை இயந்திரம் போன்ற தனிப் பயன்களுக்கு வகுத்த வடிவமைப்பு இலக்கு. சாதாரணத் தரவுப் பயன்பாட்டுக்கு 5ஜி தரத்தில் குறித்த இலக்கு 4 மில்லிவினாடி. போதாக்குறைக்கு, பல இடங்களில் 5ஜி அலைவரிசை 4ஜி-யின் மையக் கட்டமைப்பின் மேல்தான் சவாரி செய்கிறது. திரையில் 5ஜி என்று எழுத்து வந்தாலும் சுணக்கம் பழையபடியே இருக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு குழப்பம், ‘வேகம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவது. குழாயின் அகலம் வேறு, நீர் வந்து சேரும் நேரம் வேறு. 2 ஜிகாபைட் படம் 16,000 மெகாபிட். வினாடிக்கு 30 மெகாபிட் ஓடும் 4ஜி-யில் இறங்க ஒன்பது நிமிடம், 200 ஓடும் 5ஜி-யில் 80 வினாடி. இதைக் கவனிக்காதவர் இல்லை. ஆனால் அதே படத்தை இறக்காமல் நேராகப் பார்த்தால், தெளிவான காட்சிக்கு 5 மெகாபிட் போதும். மீதி அகலம் சும்மா கிடக்கும். வாட்ஸப் பேச்சுக்கு அதிலும் சிறு துளிதான் வேண்டும்.

சாதாரண ஆளுக்கு உண்மையில் புலப்படுவது நெரிசல் நேரம். தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தில் படம் அனுப்பினால், 4ஜி-யில் தரவுப் பொட்டலங்கள் வரிசையில் நின்று சுணக்கம் எகிறிவிடும். 4ஜி அலைத்தடம் ஒன்று அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 3.5 கிகாஹெர்ட்ஸில் 5ஜி-க்கு 100 வரை கிடைக்கலாம், அதனால் வரிசை சுருங்கும். உங்கள் இடத்தில் அப்படித்தானா என்று பார்க்க, வேகச் சோதனையில் Ping என்று காட்டும் சுணக்க எண்ணை முதலில் சும்மா இருக்கும்போதும், பிறகு பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போதும் எடுத்துப் பாருங்கள். 30 இருந்தது 300 ஆகிவிட்டால், வரிசை நீள்கிறது என்று பொருள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘மறைநிலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.