காலையில் போட்ட காலிபரேஷன் மதியம் வரை நிற்குமா?

சிறுநீரக நோயாளி ஒருவரின் பொட்டாசியம் 5.4 என்று ரிப்போர்ட் வந்தால் மருத்துவர் உணவில் இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடலாம். அதுவே 6.0 என்றால் உடனே ஈசிஜி எடுத்துப் பார்ப்பார். இந்த இரண்டு எண்களும் ஒரே சீரத்திலிருந்து வர முடியும். குன்னூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆய்வகத்தில் ஃபிளேம் போட்டோமீட்டரைச் சரிபார்க்கப் போனபோது நான் பார்த்தது இதைத்தான்.

கருவி செய்கிற வேலை எளிது. 0.1 மில்லி சீரத்தை டிஸ்டில்ட் வாட்டரில் 10 மில்லியாக்கி, அதை நெபுலைசர் வழியாகச் சுடருக்குள் தெளிக்கிறோம். சூட்டில் சோடியம் அணுக்கள் 589 நானோமீட்டரில் மஞ்சளாகவும், பொட்டாசியம் அணுக்கள் 766-ல் மங்கிய சிவப்பாகவும் ஒளிரும். ஃபில்டர் வழியாக வரும் அந்த ஒளியைக் கருவி எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளை அதே சுடரில் விட்டுப் பார்த்தால்தான் அது மில்லிமோல் ஆகும்.

அன்று காலை அவர்கள் போட்ட பொட்டாசியம் வளைகோடு நன்றாகவே இருந்தது. பிளாங்க் 0, ஸ்டாண்டர்டு 2-க்கு 21, 4-க்கு 41, 6-க்கு 60, 8-க்கு 78. மேலே போகப்போகக் கோடு சற்று வளைவது இயல்புதான். மதியம் அந்த நோயாளியின் சீரம் 54 காட்டியது. காலைக் கணக்குப்படி 41-க்கும் 60-க்கும் நடுவே வைத்தால் 4 + 2 × 13/19, அதாவது 5.4. நான் ஸ்டாண்டர்டுகளை மறுபடி விடச் சொன்னேன். 4 இப்போது 37. 6 இப்போது 54. ஆக, சீரத்தின் உண்மையான அளவு 6.0.

எங்கே தேய்ந்தது? சோடியமும் அதே விகிதத்தில் இறங்கியிருந்ததால் ஃபில்டரையோ ஸ்டாண்டர்டையோ சந்தேகிக்கத் தேவையில்லை. அடைப்பு இருக்குமோ என்று அளவுக் குழாயில் டிஸ்டில்ட் வாட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தோம். காலையில் இழுத்த அளவுதான். மிஞ்சியது சுடர். அதன் நீலக் கூம்புகள் தெளிவாக இல்லை, சிலிண்டரும் தீரும் தறுவாயில் இருந்தது. எல்பிஜி என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் சீக்கிரம் ஆவியாகும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். சிலிண்டர் காலியாக ஆக மிஞ்சுவதில் பியூட்டேன் கூடும், மார்கழிப் பனியில் அது ஆவியாவதும் மந்தமாகும். வால்வைத் தொடாமலேயே சுடர் மாறிவிடும். (சிலிண்டரைச் சூடாக்க வெந்நீரில் வைக்கும் ஆட்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.) சிலிண்டரை மாற்றி, கூம்புகள் கூர்மையாகும்வரை வாயுவைத் திருத்தி, இருபது நிமிடம் டிஸ்டில்ட் வாட்டர் ஓடவிட்ட பிறகு எண்கள் நிலைத்தன.

இதற்காக யாரும் நாள் முழுக்க வளைகோடு போட வேண்டியதில்லை. ஐந்து சாம்பிளுக்கு ஒருமுறை நடு ஸ்டாண்டர்டை விட்டால் போதும். அது 3 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் முந்தைய ஐந்தையும் மறுபடி ஓட்டுவது என் வழக்கம். கோயம்புத்தூரில் சரிசெய்த கருவியை ஊட்டிக்குக் கொண்டுவந்தால் அங்கே போட்ட கோடு இங்கே செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் வேறு, சுடரும் வேறு.

அப்புறம் ஸ்டாண்டர்டு கரைசல். பொட்டாசியம் குளோரைடை மட்டும் தண்ணீரில் கரைத்து ஸ்டாண்டர்டு வைத்திருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். சுடரில் பொட்டாசியம் அணுக்களில் ஒரு பகுதி எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். அயனி அந்த 766 ஒளியைத் தராது. சீரத்தில் கூடவே ஏராளமான சோடியம் இருப்பதால் அது விடும் எலக்ட்ரான்கள் இந்த இழப்பைக் குறைக்கும், ஒளி கூடும். சோடியம் இல்லாத ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் சீரத்தின் பொட்டாசியம் இருப்பதைவிட அதிகமாகத்தான் வரும். அதனால் எல்லாப் பொட்டாசியம் ஸ்டாண்டர்டிலும் 140 மில்லிமோல் சோடியம் இருக்கட்டும். லிட்டருக்கு 8.18 கிராம் சோடியம் குளோரைடு. 5 மில்லிமோல் பொட்டாசியத்துக்கு 0.373 கிராம் பொட்டாசியம் குளோரைடு. இரண்டையும் உலர்த்தி எடைபோட்டு, கண்ணாடியில் அல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். ஓட்டும்போது ஸ்டாண்டர்டையும் சீரத்தைப் போலவே நூறு மடங்கு நீர்க்க வேண்டும்.

ஸ்டாண்டர்டுகள் சரியாக நின்று, சீரம் மட்டும் 6-க்கு மேல் காட்டினால் ரத்தம் எங்கிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். கலெக்‌ஷன் சென்டரில் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்த ரத்தத்தில், குளிரில் செல்களின் பம்ப் மந்தமாகி பொட்டாசியம் வெளியே கசியும். சீரம் சிவக்காது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் செல்லையும் சீரத்தையும் பிரித்துவிட்டு, அப்புறம் குளிரில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் புதிதாக ரத்தம் எடுத்து, உடனே பிரித்து, ஸ்டாண்டர்டுக்கு அடுத்த சாம்பிளாகவே ஓட்டிப் பாருங்கள்.