ஒரே ஆசிரியர், இரண்டு வகுப்புகள்

கணித பாட ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குப் போகும்போது, தவணைப் பரீட்சையின் புள்ளிப் பட்டியலை வினா வாரியாகக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். மொத்தப் புள்ளி மறைத்துவிடும் பல செய்திகளை வினா வாரியான புள்ளிகள் காட்டிவிடும். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் அப்படிக் கண்ட ஒன்றை, ஆளையும் இடத்தையும் அடையாளம் காண முடியாதபடி சிறிது மாற்றி எழுதுகிறேன்.

தரம் 11 இல் 34 மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுள் 12 பேர் சனிக்கிழமைகளில் அதே கணித ஆசிரியரின் வீட்டுக்கு டியூசனுக்குப் போனார்கள். கட்டணம் மாதம் 1,500 ரூபாய். தாயங்கள், சமனிலிகள், நிகழ்தகவு ஆகிய வினாக்களில் டியூசன் பிள்ளைகள் பத்துக்குச் சராசரியாக 5 எடுத்திருக்க, மற்றவர்கள் 4 எடுத்திருந்தார்கள். வாரம் மூன்று மணித்தியாலம் கூடுதலாகப் படித்த பிள்ளைகளுக்கு அந்த அளவு முன்னிலை இயல்பானதே. ஆனால் வட்ட நாற்பக்கல் வினாவில் அவர்கள் 8 எடுத்திருக்க, மற்ற 22 பேரின் சராசரி 2 ஐத் தாண்டவில்லை. பாடப் பதிவைப் புரட்டினேன். அந்த அலகுக்கு இரண்டே பாடவேளைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு மாணவியின் டியூசன் கொப்பியில் அதே உரு, எழுத்துகள் மட்டும் மாற்றப்பட்டு, அதே கோண அளவுகளுடன் இருந்தது.

ஆசிரியர் வினாத்தாளை விற்றார் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் பிள்ளைகளின் வரவு குறைந்ததாலும் விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில் பாடவேளைகள் போனதாலும், “சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர் அந்த அலகைத் தள்ளிவைத்திருக்கிறார்; வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்தபோது கைக்கு எட்டியது சனிக்கிழமைப் பயிற்சித்தாள். தன் மாணவருக்கே கட்டணம் வாங்கிக் கற்பிப்பதில் உள்ள சிக்கல் பேராசையிலிருந்துதான் தொடங்க வேண்டுமென்பதில்லை. வகுப்பில் எதைக் கற்பிப்பது, எதை விடுவது, எதைக் கேட்பது, எவ்வளவு புள்ளி இடுவது ஆகிய நான்கையும் தீர்மானிக்கும் ஒருவரே, விடுபட்டதைக் கட்டணத்துக்குக் கற்பிப்பவராகவும் இருப்பதால், நேர்மையானவரின் கையும் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்கிறது.

பெற்றோரிடத்தில் இது வேறு விதமாகப் போய்ச் சேர்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் மாதக் கட்டணம் ஒரு நாள் சம்பளத்தை விட அதிகம். மழையிலும் மலையேறிக் கொழுந்தெடுத்த ஒரு நாள் முழுதும் அதற்கே போய்விடும். இருந்தும் சிலர் அனுப்பினார்கள். “அனுப்பாவிட்டால் சேர் என்ன நினைப்பாரோ என்றுதான் அனுப்புகிறேன்” என்றார் ஒரு தாய். இத்தனைக்கும் அந்த ஆசிரியர் யாரையும் வற்புறுத்தியதில்லை. டியூசன் நேர மாற்றங்களை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார், அவ்வளவே. ஆனால் பாடசாலை அறிவித்தல் வரும் குழுவிலேயே அது வந்ததால், பெற்றோர் அதையும் பாடசாலையின் சொல்லாகவே படித்தார்கள். பயிற்சித்தாள்களோ 12 பேர் மட்டும் இருந்த இன்னொரு குழுவுக்குப் போயின. இரவில் சந்தேகம் கேட்டு வந்த தனிச் செய்திகளுக்கும் அவர் பதில் எழுதிவந்தார். தரம் 11 பிள்ளையுடன் தனி உரையாடல் எவ்வளவு நல்ல நோக்கத்தில் நடந்தாலும் அதற்குச் சாட்சி இல்லை என்பதால், அதை உடனே நிறுத்தச் சொன்னேன். கேள்வி வகுப்புக் குழுவில் வரட்டும், பதிலும் அங்கேயே போகட்டும்.

ஆசிரியர் தினத்துக்கு டியூசன் வீட்டார் சேர்ந்து அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை வரைந்த வாழ்த்து மடலும், வீட்டில் சுட்ட முறுக்கும் என்றால் பரவாயில்லை. விலையுள்ள பொருளை, புள்ளியிடும் காலத்தில், ஒரு பகுதியினர் மட்டும் கொடுத்தால் அது வேறு. அரச பாடசாலை ஆசிரியர் அரச ஊழியர். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்கு அவர் புறம்பானவர் அல்லர்.

டியூசனை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. சுற்றியுள்ள தோட்டங்களில் டியூசன் கொடுக்கும் வேறு கணித ஆசிரியரே இல்லை. அவர் நிறுத்தினால் அந்த 12 பிள்ளைகளுக்கும் வழி அடைபடும். அதிபரோடு இருந்து பேசி, தரம் 11 க்கான சனிக்கிழமை வகுப்பைப் பாடசாலைக்கே கொண்டுவந்தோம். கட்டணம் இல்லை, விரும்பும் எல்லோரும் வரலாம், என்ன கற்பிக்கப்படுகிறது என்பது பாடப் பதிவில் ஏறும். வினாத்தாளை அயல் பாடசாலை ஆசிரியர் தயாரிப்பார், அவருடையதை இவர் தயாரிப்பார். கட்டண வகுப்பு நடத்த விரும்பினால், தான் கற்பிக்காத, தான் புள்ளியிடாத பிள்ளைகளுக்கு, அதிபருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு நடத்தலாம் என்பது என் கருத்து.

மாதம் 18,000 ரூபாய் போகிறதே என்று அவர் வெளிப்படையாகவே வருந்தினார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. வீட்டுக் கடனுக்கு அதை நம்பியிருந்தாராம். அடுத்த தவணைப் பட்டியலில் டியூசனுக்குப் போயிருந்த 12 பேருக்கும் மற்றவர்களுக்கும் இடையில் எந்த வினாவிலும் 2 புள்ளிக்கு மேல் இடைவெளி இருக்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு 19 பேர் வந்தார்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் வசிக்கும் பிள்ளைகள் வரவில்லை. அன்று அந்தப் பக்கம் பஸ் இல்லை.