ஐ.யு.யு. மீன்பிடி: சொல்லும் பொருளும்

மீன்வளத் துறை அறிக்கைகளிலும் ஏற்றுமதி ஆவணங்களிலும் 'ஐ.யு.யு. மீன்பிடி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இதைச் 'சட்டவிரோத மீன்பிடி' என்று சுருக்கிவிடுகின்றன. ஆனால் இல்லீகல், அன்ரிப்போர்ட்டட், அன்ரெகுலேட்டட் என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளான அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறிக்கின்றன.

இந்தச் சொல் பிறந்த இடம் தென்துருவக் கடல். 1990களில் பெட்டகோனிய டூத்பிஷ் என்ற ஆழ்கடல் மீனுக்கு நல்ல விலை கிடைத்ததால், அனுமதி பெற்ற கப்பல்களைவிட அனுமதியில்லாத கப்பல்கள் அதிகமாகப் பிடிப்பதாகக் கவலை எழுந்தது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலிருந்து இயங்கும் அண்டார்க்டிகா கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் 1997இல் இந்தத் தொடரைத் தன் கூட்டங்களில் பயன்படுத்தியது. 2001இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு ஒரு செயல்திட்டம் வெளியிட்டு, மூன்று சொற்களுக்கும் விளக்கம் கொடுத்தது.

முதலாவது எளிது. ஒரு நாட்டின் கடலில் அனுமதியில்லாமலோ அதன் சட்டத்தை மீறியோ பிடிப்பது. இதற்குச் 'சட்டவிரோத' என்பதே போதும். மூன்றாவது, எந்த நாட்டின் கொடியும் இல்லாத கப்பலோ, அந்தப் பகுதிக்கான ஒப்பந்தத்தில் சேராத நாட்டின் கப்பலோ விதிகளைப் பொருட்படுத்தாமல் பிடிப்பது; விதியே இல்லாத இடத்தில் வளம் கெடும்படி பிடிப்பதும் இதில் அடங்கும். 'ஒழுங்குபடுத்தப்படாத' என்கிறார்கள். சரிதான்.

சிக்கல் இரண்டாவது சொல்லில். தமிழ்நாட்டில் 'அறிவிக்கப்படாத' என்றும் இலங்கையில் 'அறிக்கையிடப்படாத' என்றும் எழுதுகிறோம். இரண்டுமே பாதிப் பொருளைத்தான் தருகின்றன. 2001 விளக்கத்தின்படி, பிடித்ததைச் சொல்லாமல் விடுவது மட்டுமல்ல, தவறாகச் சொல்வதும் இதில் சேரும். நாற்பது டன் பிடித்துப் பத்து டன் என்று எழுதியவர் அறிக்கை கொடுத்துவிட்டார். ஆனாலும் அவர் இந்த வகையில்தான் வருவார். அதனால் 'கணக்கில் வராத மீன்பிடி' என்பதே பொருத்தம் என்பேன். கணக்கில் வராத பணம் என்று நாம் தினமும் சொல்கிறோம். அதே பொருள்தான் இங்கும்.

இந்த மூன்றும் ஒரே கப்பலில் கூடிவந்ததற்கு நல்ல உதாரணம் 'ஆந்த்ரே தோல்கோவ்'. 1985இல் ஜப்பானில் கட்டப்பட்ட மீன்பிடிக் கப்பல். பல பெயர்களும் பல நாட்டுக் கொடிகளும் மாறியது. 2016இல் மேலே சொன்ன ஆணையம் இதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. பிறகு 'எஸ்.டி.எஸ்.-50' என்ற பெயரில், டோகோ நாட்டுக் கொடி என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. டோகோவோ அதைத் தன் பதிவிலிருந்து முன்பே நீக்கியிருந்தது.

கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்ல ஏ.ஐ.எஸ். என்ற கருவியை வைத்திருக்கின்றன. அது கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண், இடம், வேகம், திசை ஆகியவற்றை ரேடியோ அலையில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான் இது வந்தது. கரையிலிருந்து சில பத்து மைல்தான் இதன் அலை எட்டும் என்பதால், நடுக்கடலில் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்டு அனுப்புகின்றன. பலவீனம் என்னவென்றால், கருவி சொல்வதைத்தான் செயற்கைக்கோள் கேட்கிறது. கருவியை அணைக்கலாம், எண்ணை மாற்றலாம், பொய் இடத்தையும் சொல்ல வைக்கலாம். எஸ்.டி.எஸ்.-50இன் அடையாளம் ஒரே சமயத்தில் ஏறத்தாழ நூறு இடங்களில் தெரிந்தது. ஃபாக்லாந்து தீவுகள் ஒரு பக்கம், ஃபிஜி இன்னொரு பக்கம்.

இப்படிப்பட்ட குழப்பத்தில் உண்மையைப் பிரித்தெடுக்க வழிகள் உண்டு. மீன்பிடிக் கப்பல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கடல் மைல் ஓடினாலே அதிகம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை இணைத்தால் அதற்குமேல் வேகம் வருகிறதென்றால், ஒன்று பொய். அப்புறம், ஒரு செய்தியைக் கேட்ட செயற்கைக்கோள் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று துல்லியமாகத் தெரியும். பசிபிக்கின் மேலே இருந்த செயற்கைக்கோள் அட்லாண்டிக்கில் இருப்பதாகச் சொல்லும் கப்பலைக் கேட்டிருக்க முடியாது. கருவியை அணைத்துவிட்ட கப்பலைத் தேட ரேடார் செயற்கைக்கோள் உதவும். மேகமானாலும் இரவானாலும் இரும்பு உடல் அதில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆனால் புள்ளிக்குப் பெயர் கிடையாது. அதில் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும்.

கப்பல் என்றாவது ஒரு நாள் கரைக்கு வந்துதான் ஆக வேண்டும். டீசல் தீரும், மீனை இறக்க வேண்டும். 2009இல் உருவாகி 2016 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்த துறைமுக அரசு நடவடிக்கைகள் உடன்படிக்கை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் வரும் முன்பே பெயர், கொடி, உரிமம், கப்பலில் உள்ள மீன் எவ்வளவு என்பதையெல்லாம் அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் உள்ளே விடாமல் இருக்கலாம்; அல்லது சோதனைக்காக மட்டும் விடலாம். குற்றம் தெரிந்தால் மீன் இறக்கவோ எண்ணெய் நிரப்பவோ அனுமதி இல்லை.

2018 பிப்ரவரியில் எஸ்.டி.எஸ்.-50 மடகாஸ்கரில் நுழையக் கேட்டது. அது கொடுத்த ஐ.எம்.ஓ. எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் திட்டப்படி கப்பலுக்குத் தரப்படும் எண், சரியில்லை. அதிகாரிகள் கறுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுகொண்டார்கள். பெயரை மாற்றுவதுபோல எளிதாக மாற்ற முடியாதது இந்த எண். கப்பல் உடைக்கப்படும் வரை அது மாறாது. இந்தக் கப்பலுக்கு 8514772. ஏழாவது இலக்கம் சரிபார்ப்பதற்கானது: முதல் ஆறு இலக்கங்களையும் முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```
8×7 + 5×6 + 1×5 + 4×4 + 7×3 + 7×2 = 142
```

கடைசி இலக்கம் 2. எண்ணின் கடைசி இலக்கமும் 2. கற்பனை எண்ணாக இருந்தால் பெரும்பாலும் இங்கேயே சிக்கும். வேறொரு கப்பலின் உண்மையான எண்ணைத் திருடியிருந்தால் சிக்காது. அதனால் நல்ல சோதனை அதிகாரி பழைய புகைப்படங்களை எடுத்துவைத்துக் கப்பலின் கம்பம், மேல்தள அறை, ஜன்னல் வரிசை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்.

அடுத்து மொசாம்பிக்கின் மாபுடோவில் கப்பலைத் தடுத்து, ஆவணங்களைப் பறிமுதல் செய்தார்கள். அங்கிருந்தும் அது நழுவி ஓடியது. ஆவணம் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும் அல்லவா! சீ ஷெப்பர்ட் என்ற கடல்வளப் பாதுகாப்பு அமைப்பின் கப்பல் தான்சானிய அதிகாரிகளுடன் இந்தியப் பெருங்கடலில் துரத்தியது. கடைசியில் செயற்கைக்கோள் தடயத்தை வைத்து, 2018 ஏப்ரலில் இந்தோனேசியக் கடற்படை அச்சே அருகே வெ தீவுப் பக்கம் அதைப் பிடித்தது. உள்ளே சுமார் 600 செவுள் வலைகள் இருந்தன. தென்துருவக் கடலில் அந்த வலைக்குத் தடை. அங்கே டூத்பிஷ்ஷைப் பெரும்பாலும் ஆயிரங்கால் தூண்டில் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். கப்பலில் இருந்த இருபது இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். கப்பல் தலைவருக்குக் கிடைத்தது நான்கு மாதச் சிறையும் 20 கோடி ரூபியா அபராதமும், டாலரில் பதினைந்தாயிரத்துக்குள். டூத்பிஷ் விற்கும் விலைக்கு இந்த அபராதத்தை இரண்டு டன் மீனில் எடுத்துவிடலாம்.