தலைப்பில் எண்ணும் அடைப்புக்குறியும்: கிளிக் ஏறியது எதனால்?

பட்டியல் கட்டுரைக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்தால், "எண்ணைப் போடுங்கள், கடைசியில் ஒரு அடைப்புக்குறி சேருங்கள், கிளிக் 38 சதவீதம் ஏறும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஹப்ஸ்பாட், அவுட்பிரெய்ன் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. காசு கொடுத்து மற்ற தளங்களில் காட்டப்படும் பரிந்துரை இணைப்புகளின் தலைப்புகளைத்தான் அதில் அலசினார்கள். அடைப்புக்குறி இருந்த தலைப்புகளுக்கு, இல்லாதவற்றைவிட அதிகக் கிளிக் கிடைத்திருந்தது. ஆனால் அவை வெவ்வேறு கட்டுரைகளின் தலைப்புகள். ஒரே கட்டுரையை இரண்டு தலைப்புகளில் காட்டிப் பார்த்த சோதனை அல்ல. வீடியோ இருக்கும் கட்டுரைக்குத்தானே "[வீடியோ]" என்று போட முடியும்? அப்படியென்றால் வாசகரை இழுத்தது குறியா, வீடியோவா? அந்த ஒப்பீட்டை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் குழப்பத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "கடவுச்சொல்லைப் பாதுகாக்கும் வழிகள்" என்றிருந்த கட்டுரையை "கடவுச்சொல்லைப் பாதுகாக்க 11 வழிகள் [படங்களுடன்]" என்று மாற்றினோம். மாற்றத்துக்கு முந்தைய 28 நாட்களில் கூகுள் தேடலில் அது 12,000 தடவை தெரிந்து 360 கிளிக் வாங்கியிருந்தது, அதாவது 3 சதவீதம். பிந்தைய 28 நாட்களில் 13,000 தடவை தெரிந்து 585 கிளிக். 4.5 சதவீதம்! குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அப்புறம் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில், தேடல் முடிவுகளில் அந்தப் பக்கத்தின் சராசரி இடத்தைப் பார்த்தேன். 6.4-லிருந்து 4.1-க்கு ஏறியிருந்தது. தலைப்பை மாற்றிய அதே வாரம் கட்டுரையில் மூன்று பகுதிகள் புதிதாகச் சேர்த்திருந்தோம், மற்ற பக்கங்களிலிருந்து இணைப்பும் கொடுத்திருந்தோம். இரண்டு படி மேலே போனால், தலைப்பு எப்படி இருந்தாலும் கிளிக் கூடத்தான் செய்யும்.

எனவே பக்கத்தின் மொத்தக் கணக்கை விட்டுவிட்டு, இடம் மாறாத ஒரு தேடல் சொல்லை மட்டும் எடுத்தேன். முன்பும் பின்பும் 5.2-லேயே நின்ற சொல் அது. முன்பு 4,000 தடவை தெரிந்து 140 கிளிக், பின்பு 4,100 தடவை தெரிந்து 148 கிளிக். 3.5 சதவீதம் 3.6 ஆகியிருந்தது, அவ்வளவுதான். 140 கிளிக் என்ற எண்ணிக்கை, எதையும் மாற்றாமலேயே அடுத்த மாதம் 20, 25 கூடவோ குறையவோ செய்யும். 8 கிளிக் வித்தியாசத்தைத் தலைப்பின் வெற்றி என்று எப்படிச் சொல்வது? தலைப்பு உதவவே இல்லை என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்த அளவு தரவு அதற்குப் போதாது.

எவ்வளவு தரவு வேண்டும்? 3 சதவீதம் 3.3 ஆகியிருக்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய, ஒவ்வொரு தலைப்பும் 50,000 தடவைக்கு மேல் தெரிந்திருக்க வேண்டும். சிறிய தளத்தில் ஒரே கட்டுரைக்கு இது கிடைப்பது கடினம். மின்னஞ்சல் பட்டியல் பெரிதாக இருந்தால் அங்கே சோதிப்பது மேல். பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில், தலைப்பில் ஒரே ஒரு வித்தியாசத்தோடு அனுப்புங்கள். எண்ணையும் அடைப்புக்குறியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. நாங்கள் செய்த இன்னொரு தவறு அதுதான்.

தேடலில் வேறொரு சிக்கலும் உண்டு. நாம் `<title>`-இல் எழுதுவதை கூகுள் அப்படியே காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. 2021 ஆகஸ்டில் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிய பிறகு, பக்கத்தின் `<h1>` போன்ற இடங்களிலிருந்தும் முன்பைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது முடிவுப் பக்கத்தில் காணாமல் போயிருக்கலாம். அதனால் நீங்களே தேடி, என்ன தெரிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

என் அனுபவத்தில், தலைப்பு சொல்லாத ஒன்றை அடைப்புக்குறி சொல்லும்போதுதான் அது இருக்கும் இடத்துக்கு நியாயம் செய்கிறது. "[மாதிரிப் படிவத்துடன்]" என்றால் உள்ளே என்ன கிடைக்கும் என்று வாசகருக்குத் தெரிகிறது. "[கட்டாயம் படியுங்கள்]" என்பதில் அப்படி எதுவும் இல்லை. எண்ணும் அப்படித்தான். 11 என்று போட்டுவிட்டு, இரண்டு வழிகள் ஒன்றையே வேறு சொற்களில் திரும்பச் சொன்னால், ஏமாந்தது வாசகருக்குப் புரிந்துவிடும்.

அந்தக் கட்டுரையில் 11-ஐ வைத்துக்கொண்டோம், ஏனென்றால் உள்ளே உண்மையிலேயே 11 இருந்தன. "[படங்களுடன்]" என்பதை எடுத்துவிட்டோம். அதில் இருந்தவை இரண்டே படங்கள்.