பால் பணியாரத்தின்மேல் விழுந்த பழி

மீனையும் பாலையும் ஒரே வேளையில் உண்டதால் உடலில் விஷம் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு காரைக்குடியில் என் மருத்துவமனைக்கு வருபவர்கள் கோடைக்காலத்தில் கூடிவிடுகிறார்கள். அவர்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் உண்மையான நோய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்குக் காரணம் என்று அவர்கள் சுட்டுவது எப்போதும் பாலையே. உண்மையான குற்றவாளி தப்பிவிடுவதால், அடுத்த விருந்திலும் அதே தவறு நடக்கிறது. இந்த மே மாதம் ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்து சேர்ந்த பிறகு, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

புது மாப்பிள்ளைக்கு மதிய விருந்து. ஒன்பது பேர் உண்டிருக்கிறார்கள். வஞ்சிரம் விலை எட்டாததால் சூரை மீன் வாங்கி வறுத்திருக்கிறார்கள். விருந்தின் முடிவில் பால் பணியாரம். உண்டு எழுந்த அரை மணி நேரத்துக்குள் ஐந்து பேருக்கு முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடலெங்கும் அரிப்பு எடுத்திருக்கிறது. இருவருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. வீட்டு ஆச்சி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மீன் தின்ன வாயோட பால் பணியாரமும் தின்னா வெசமாகாம என்ன செய்யும்?" விஷ முறிவுக்கு என்று வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்து, குணம் தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். அதற்குள் மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஊசி போட்டு, மாப்பிள்ளைக்கு சலைன் ஏற்றிய பின், யார் எதை உண்டார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மருத்துவத்தில் இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. ஆச்சி உள்ளிட்ட மூவர் அன்று மீனைத் தொடவில்லை; பால் பணியாரத்தை மட்டும் உண்டார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை நோய் உள்ளதால் பணியாரம் வேண்டாம் என்றிருக்கிறார். பத்து வயதுப் பையன் ஒருவன் மீனை உண்டுவிட்டு விளையாட ஓடிவிட்டான். பால் துளியும் படாத இந்த இருவருக்குமே முகம் சிவந்திருந்தது. இரண்டையும் உண்ட நால்வரில் மூவருக்கு நோய். தப்பிய ஒருவர் வால் பக்கத்துச் சிறு துண்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர். ஆக, மீனை உண்ட ஆறு பேரில் ஐவர் படுத்தார்கள், மீனை உண்ணாத மூவரில் ஒருவரும் படுக்கவில்லை. இந்தக் கணக்கில் பாலுக்கு எங்கே இடம் இருக்கிறது?

இது ஹிஸ்டமின் நச்சு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக இருக்கிறது. மீன் பிடிபட்டபின் குளிர் குறைந்தால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடலே சுரக்கும் பொருளும் இதுதான் என்பதால், அறிகுறிகளும் ஒவ்வாமையைப் போலவே இருக்கும். ஆனால் ஒரே பந்தியில் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் மீன் ஒவ்வாமை புதிதாக முளைப்பதில்லை. உண்ணும்போதே நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்றிருந்ததா என்று கேட்டேன். இருவர் ஆம் என்றார்கள். மசாலா காரம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

இங்கே எல்லோரும் தடுமாறும் செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வெப்பத்தால் அழிவதில்லை. கொதிக்கும் எண்ணெயில் முறுகப் பொரித்தாலும், புளிக் குழம்பில் நெடுநேரம் கொதிக்க வைத்தாலும், உறைநிலைப் பெட்டியில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். மீன் அழுகிய வாடை வீச வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல மீனாகவே இருக்கும். ஒரு மீனிலேயே ஒரு துண்டில் மிகுதியாகவும் மறுதுண்டில் குறைவாகவும் இருக்கலாம் என்பதால், "நானும்தான் தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதமும் நிற்காது.

அந்த மீனின் பயணத்தைக் கேட்டால் மற்றது தானே விளங்கும். காலை ஆறு மணிக்குச் சந்தையில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு, காய்கறியும் வாழையிலையும் வாங்கி முடித்து எட்டு மணிக்கு வீடு சேர்ந்திருக்கிறார்கள். கழுவி மசாலா தடவி, "நன்றாக ஊறட்டும்" என்று பன்னிரண்டரை மணி வரை அடுப்படி மேடையிலேயே வைத்திருக்கிறார்கள். மே மாத வெயிலில் ஆறரை மணி நேரம். செட்டிநாடு கடற்கரை அல்ல. தொண்டியிலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ மீன் நமக்கு வண்டியேறித்தான் வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அப்போது சந்தைக்கு வரும் பெரிய மீன்களில் பல, தொலைவிலிருந்து பனிக்கட்டியில் பயணப்பட்டவை. வழியில் பனிக்கட்டி எங்கே உருகியது என்பது விற்பவருக்கே தெரியாது.

ஆகவே, மீனை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள். மூடியுள்ள பெட்டியில், மீனின் எடைக்குச் சமமாகப் பனிக்கட்டி போட்டுக் கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குடல் நீக்கி, கழுவி, 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மசாலா ஊறுவதும் குளிர்பெட்டிக்குள்ளேயே ஊறட்டும், அங்கேயும் அது நன்றாகவே ஊறும். உண்ணும்போது நாக்கு சுருக்கென்று எரிந்தால், விலை கொடுத்து வாங்கினோமே என்று பார்க்காமல் தட்டை ஒதுக்குங்கள். முகம் சிவந்து அரிப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெற்றிலை மிளகு தேட வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காசநோய்க்கு ஐசோநியாசிட் மாத்திரை உண்பவர்களுக்கு இந்த நச்சு மேலும் கடுமையாக வரலாம், ஏனெனில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அம்மருந்து தடுக்கிறது. அவர்கள் சிகிச்சை முடியும்வரை சூரையையும் மத்தியையும் தவிர்ப்பதே நல்லது. என்னிடம் வரும்போது மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். பலர் காசநோயை மறைத்துவிடுகிறார்கள்.

இனி, என் பொறுமையை அதிகம் சோதிக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். மீனும் பாலும் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி வரும் என்பதே அது. தோலுக்கு நிறம் தரும் செல்களை, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தாக்கி அழிப்பதால் வருவது வெண்புள்ளி. சில குடும்பங்களில் அது அதிகம் காணப்படும். தைராய்டு கோளாறுடனும் சேர்ந்து வரும். உணவால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பிறந்ததிலிருந்து மீன் வாடையே அறியாத சைவக் குடும்பத்தாருக்கும் வெண்புள்ளி வருகிறது. அவர்கள் எந்த மீனைப் பாலோடு சேர்த்தார்கள்? மீனைத் தயிரிலேயே வேக வைத்து உண்ணும் வங்காளிகள் ஊரோடு வெளுத்துப் போயிருக்க வேண்டாமா? "நீ எப்போதாவது மீன் தின்றுவிட்டுப் பால் குடித்திருக்கிறாயா?" என்று வெண்புள்ளி வந்தவரைக் கேட்டால், அசைவம் உண்பவர் எவரும் ஆம் என்றுதான் சொல்வார். வெண்புள்ளி வராதவரிடம் இதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அங்கேயும் அதே பதில்தான் கிடைக்கும்.

மீனைப் பாலோடு உண்ணலாகாது என்று சரக சம்ஹிதையிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, முரண் உணவுகளைப் பற்றிய பகுதியில். பனிக்கட்டியும் குளிர்பெட்டியும் இல்லாத காலத்தில், எளிதில் கெடும் இரண்டு பொருள்களையும் எச்சரிக்கையோடு அணுகியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியைக் காட்டி இன்று ஒரு குழந்தையின் பாலை நிறுத்துவதை ஏற்க இயலாது. அண்மையில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கன்னத்தில் வெளிறிய, சற்றே சொரசொரப்பான இரண்டு திட்டுகள். வறண்ட தோலுடைய குழந்தைகளுக்கு வெகு சாதாரணமாக வருபவை, எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு தடவி வந்தால் சில மாதங்களில் தாமாகவே மங்குபவை. அதற்காகப் பால், தயிர், முட்டை, மீன் நான்கையும் மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இவற்றை எடுத்துவிட்டு, அந்தக் குழந்தையின் தட்டில் சோற்றையும் ரசத்தையும் மட்டும் வைத்திருந்தார்கள்.

பத்தியத்தால் வரும் இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. வெளிறிய திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும். வெண்புள்ளியில் உணர்ச்சி குறையாது. பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு புலப்படத் தொடங்கும். மீனை நிறுத்திவிட்டுத் திட்டு மறையும் என்று காத்திருக்கும் மாதங்களில் நரம்பு பாழாகிவிடும், இழந்த உணர்ச்சி திரும்பாமலும் போகலாம்.

கறியும் தயிரும் சேரக் கூடாது என்பவர்களோடு வாதிடவே எனக்கு விருப்பமில்லை. பிரியாணிக் கறியைத் தயிரில் ஊற வைத்து, பக்கத்தில் தயிர்ப் பச்சடியும் ஊற்றி உண்டுவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள். முட்டையும் பாலும் சேர்ந்தால் ஆகாது என்றால் கேக் கடைகளை மூட வேண்டியதுதான். பால் ஒவ்வாமை உள்ளவருக்கும், பாலில் உள்ள சர்க்கரை செரிக்காதவருக்கும் பால் ஆகாது. அது தனியாகக் குடித்தாலும் ஆகாது, மீனோடு குடித்தாலும் ஆகாது. மீன் ஒவ்வாமைக்கும் இதே நியாயம்தான்.

முட்டையில் அஞ்ச வேண்டியது எதனோடு சேர்க்கிறோம் என்பதல்ல, வேக வைத்தோமா என்பதே. பெரிய மனுஷியான பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு விழுங்கக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சால்மொனெல்லா கிருமி அந்த வழியாகத்தான் குடலுக்குள் போகிறது, வெந்த முட்டையில் அது செத்துவிடும். பச்சை முட்டையின் புரதம் வெந்ததைப்போல் முழுதாகச் செரிப்பதும் இல்லை. ஆச்சிமார்களே, நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் தாராளமாகக் கொடுங்கள். முட்டையை மட்டும் மஞ்சள் கரு இறுகும்வரை அவித்துக் கொடுங்கள். கூடவே ஒரு டம்ளர் பாலும் கொடுக்கலாம்.