ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்றால் சோலார் நின்றுவிட்டதா?

சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால இடி புதிதல்ல. ஒரு இடியில் ரௌட்டர் போய்விடும், மறுநாள் புதியது வந்துவிடும். போன், டிவி, பிள்ளைகளின் லேப்டாப் எல்லாவற்றிலும் புதிய பாஸ்வேர்டைப் போட்டுவிடுவார்கள். போர்ச் சுவரில் தொங்கும் சோலார் இன்வெர்ட்டரை யாரும் நினைப்பதில்லை. அதன் அடியில் செருகியிருக்கும், ஆப்புக்குத் தகவல் அனுப்பும் வைஃபை ஸ்டிக் பழைய வைஃபை பெயரையே தேடிக்கொண்டிருக்கும். பத்து நாள் கழித்து ஆப்பைத் திறந்தால் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். வீட்டில் உடனே, “சோலார் கெட்டுப்போச்சு!”

முதலில் மணியைப் பாருங்கள். பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் பேனலில் வரும் மின்சாரத்தில்தான் விழித்திருக்கும். ஸ்டிக்குக்கும் அதிலிருந்தே கரண்ட். அதனால் இரவில் ஆஃப்லைன் காட்டுவது பழுதல்ல. காலை ஒன்பது, பத்து மணிக்கும் அப்படியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அப்போதும் கேள்வி ஒன்றுதான்: நின்றது இன்வெர்ட்டரா, செய்தி மட்டுமா? இன்வெர்ட்டர் தன் உற்பத்திக் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும். 5 கிலோவாட் பேனல் போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இணைப்பு அறுவதற்கு முன் ஆப்பில் இருந்த மொத்த உற்பத்தி 12,408 யூனிட். ஒன்பது நாள் கழித்து இன்வெர்ட்டரின் திரையில் 12,561. வித்தியாசம் 153, நாளுக்கு 17 யூனிட். நம் மலேசியாவில் இந்த அளவுக்கு 15 முதல் 20 யூனிட் வருவது வழக்கம். ஆக, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. விட்டுப்போனது வைஃபை மட்டும். வித்தியாசம் 50, 60 என்று இருந்தால் சோலார் போட்டவரைக் கூப்பிடுங்கள். டிஎன்பி பில்லை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதில் வெளியே அனுப்பிய யூனிட்தான் இருக்கும், வீட்டிலேயே செலவானது இருக்காது.

ஆப்பிலுள்ள உற்பத்தி வரைபடமும் இதையே சொல்லும். கோடே இல்லாமல் வெற்றிடமாக இருந்தால் தகவல் வரவில்லை. சில ஆப்கள் அந்த இடைவெளியின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல வெயிலில் கோடு பூஜ்யத்தில் படுத்திருந்தால் அது இன்வெர்ட்டரே நின்றதன் அடையாளம். அப்போது அலாரம் பட்டியலைத் திறந்து பாருங்கள். டிஎன்பி வோல்டேஜ் 253-ஐத் தாண்டும்போது இன்வெர்ட்டர் தானே விலகிக்கொள்வதும் உண்டு. லைன் முடிகிற கடைசி வீடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். இன்னொன்று: இங்கே வெயில் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணியை ஒட்டி. மேகமில்லாத நாளிலும் உச்சி காலை ஐந்து மணியில் தெரிந்தால், ஆப்பில் நேர மண்டலம் +8 ஆக இல்லை என்று அர்த்தம்.

இனி வைஃபை. எளிய வழி, ஸ்டிக்கைத் தொடாமல் புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைப்பது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் கணக்கு. ஸ்டிக் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பல ஸ்டிக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரௌட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து, பழைய பெயரை 2.4-க்குக் கொடுங்கள். பாதுகாப்பு WPA3 என்றிருந்தால் WPA2-க்கு மாற்றுங்கள்.

புதிய பெயர்தான் வேண்டும் என்றால், பகலில், இன்வெர்ட்டர் ஓடும்போது செய்யுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஸ்டிக்கின் சொந்த வைஃபையில் சேருங்கள். பெயர் பெரும்பாலும் AP_ என்று தொடங்கி ஸ்டிக்கின் வரிசை எண்ணோடு முடியும். “இணையம் இல்லை” என்று போன் சொன்னாலும் அதிலேயே இருங்கள். ஆப்பிலுள்ள வைஃபை அமைப்புப் பக்கத்தில் வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டைக் கொடுங்கள். சில ஸ்டிக்குகளில் பிரவுசரில் 10.10.100.254 என்று அடித்தும் இதைச் செய்யலாம். எது செய்தாலும் ஆப்பிலிருந்து உங்கள் சோலார் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியாதீர்கள். பழைய வரைபடங்கள் போய்விடலாம்.

சேர்ந்து சேர்ந்து அறுந்தால் சிக்னல்தான் பலவீனம். ஆப்பில் சிக்னல் அளவு இருந்தால் -65 வரை நல்லது, -75-க்குக் கீழே போனால் நிற்காது. இன்வெர்ட்டர் பக்கத்தில் போனில் வீடியோ ஓடுகிறதே என்று நம்பாதீர்கள். ஸ்டிக்கின் ஆன்டெனா போனளவுக்குக் கேட்பதில்லை, இடையில் செங்கல் சுவரும் இரும்பு கிரில்லும் வேறு. இன்வெர்ட்டர் தொங்கும் சுவரின் உட்புறம், வீட்டுக்குள், ஒரு வைஃபை எக்ஸ்டெண்டரை வையுங்கள். போர்ச்சில் வைத்தால் சாரலில் நனைந்து கெட்டுவிடும். எக்ஸ்டெண்டர் வேறு பெயரில் சிக்னல் விட்டால், ஸ்டிக்குக்கு அந்தப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.