ஒரு சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

மின்சார காரில் சார்ஜ் குறைந்துவிட்டது என்று வழியிலிருந்து எங்கள் பணிமனைக்கு அழைப்பவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது கிலோமீட்டர் கணக்கைத்தான். "சார், 41 காட்டுகிறது. போக வேண்டியதோ 50. என்ன செய்வது?" அந்த 41-ஐ நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை. சதவீதம் எவ்வளவு, இதுவரை என்ன வேகத்தில் வந்தீர்கள், இந்த இரண்டையும் கேட்பேன். மற்றதெல்லாம் பிறகு.

திரையில் தெரியும் கிலோமீட்டர் எண் காரின் ஊகம். பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தையும், இதுவரை கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவானது என்பதையும் வைத்து அது போடும் கணக்கு. சில மாடல்கள் போகும் பாதையையும் சேர்த்துக்கொள்ளும். பெரும்பாலானவை கடந்துவந்த தூரத்தை மட்டுமே பார்க்கும். நீங்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், இனியும் 100-இல்தான் போவீர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. சென்னை நெரிசலில் ஊர்ந்துவிட்டுத் தாம்பரத்தைத் தாண்டும்போது ஏராளமாகக் காட்டிய எண், செங்கல்பட்டு வருவதற்குள் மளமளவென்று குறைவதற்கும் இதுதான் காரணம். பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை.

ஆகவே, கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய எண் வேறு. என் காரில் ஒரு சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், அதுவும் எந்த வேகத்தில்? உங்கள் பேட்டரி 40 யூனிட் என்றால் ஒரு சதவீதம் 0.4 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். உயரமான உடலமைப்பு கொண்ட நடுத்தர கார் ஒன்று, ஏ.சி. ஓடும் நிலையில் சமதளச் சாலையில் 100 வேகத்தில் போனால், 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 யூனிட் தின்னும். 70-இல் போனால் 13 போதும். அதாவது ஒரு சதவீதத்துக்கு 100 வேகத்தில் 2.2 கிலோமீட்டர், 70 வேகத்தில் 3.1 கிலோமீட்டர். உங்கள் காரில் இது கொஞ்சம் மாறும். டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் 30 கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்த்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். சார்ஜ் நிறைய இருக்கும் ஒரு நாளில் இதைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு இவ்வளவு பசி ஏன்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 100-இலிருந்து 70-க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு பாதியாகிவிடும். டயரின் உராய்வு அவ்வளவாக மாறாததால் மொத்தச் செலவு பாதியாகாது. ஆனாலும் கால்பங்குக்கு மேல் மிச்சமாகும்.

மேலே சொன்ன 41 கிலோமீட்டர்க்காரரின் கதையையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தார். சித்திரை வெயில். திண்டிவனத்தில் 85 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு, பெரம்பலூர் அருகே ஒரு சார்ஜிங் நிலையத்தை நம்பி 100 வேகத்தில் வந்திருக்கிறார். அங்கே வந்து பார்த்தால் இயந்திரம் வேலை செய்யவில்லை. கையில் 18 சதவீதம். திருச்சியை ஒட்டி அடுத்த நிலையம் சுமார் 50 கிலோமீட்டரில் இருந்தது.

18 சதவீதம் என்றால் 7.2 யூனிட். வந்த வேகத்திலேயே போனால் 40 கிலோமீட்டரில் கார் நின்றுவிடும். திரை சொன்ன 41 பொய்யில்லை. 70-இல் போனால் 56 கிலோமீட்டர் போகலாம், போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் 6 கிலோமீட்டர் மிச்சத்தை நம்பி நான் யாரையும் அனுப்புவதில்லை. ஒரு எதிர்க்காற்று, ஒரு மாற்றுப்பாதை, அந்த நிலையத்திலும் இயந்திரம் வேலை செய்யாமை, இவற்றில் எது வந்தாலும் அந்த மிச்சம் காணாமல் போகும். சேரும் இடத்தில் குறைந்தது 5 சதவீதமாவது கையில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் வரம்பு.

அவர் ஏ.சி.யை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். ஏ.சி. நிதானமாக ஓடும்போது ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். அதை முழுக்க நிறுத்தி 70-இல் போனால் இவருக்கு 6 கிலோமீட்டர் கூடும். வேகத்தை 100-இலிருந்து 70-க்குக் குறைப்பதிலோ 16 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஏ.சி.யை அணைத்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று 90-இல் விரட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்சீட்டில் குழந்தையும் வயதானவர்களும் இருக்க, ஏ.சி. 26-இல் ஓடட்டும், கால் மட்டும் அடங்கட்டும் என்றேன்.

அடுத்து, சாப்பிட்டாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லை. அப்படியானால் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னேன். காரோடு வரும் கையடக்க சார்ஜரை அதில் மாட்டினால் மணிக்கு 3 யூனிட்டுக்கு மேல் ஏறும். முக்கால் மணி நேரச் சாப்பாட்டில், இழப்பு போக 2 யூனிட்டுக்குக் குறையாது. அவருடைய காருக்கு அது 5 சதவீதம், 70 வேகத்தில் 15 கிலோமீட்டர். வேகச் சார்ஜர் மட்டுமே சார்ஜர் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஹோட்டல்காரர் நல்ல மனிதர். சமையலறையில் கிரைண்டர் மாட்டும் பிளக்கைக் காட்டினார். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. எர்த் இல்லாத பிளக் என்பதற்கு அதுதான் அடையாளம். நெடுஞ்சாலைக் கடைகளில் இது சகஜம். அங்கே இருந்த ஒரு பையன், எர்த் கம்பியை நியூட்ரலோடு முறுக்கிவிட்டால் ஓடும் என்று யோசனை சொன்னானாம். எக்காரணம் கொண்டும் அதைச் செய்யாதீர்கள். காரின் உடலிலேயே மின்சாரம் பாய வழிசெய்வது அது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. தொடர்ந்து இவ்வளவு மின்னோட்டத்தை இழுத்தால் அது உருகும். மாடியில் ஏ.சி. அறைக்கான பிளக் வேலை செய்தது. சார்ஜரின் சொந்த வயர் ஜன்னல் வழியாக எட்டியது. சாப்பாட்டோடு மின்சாரத்துக்கும் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது 23 சதவீதம்.

அந்த நேரத்துக்குள் திருச்சி நிலையத்தின் செயலியைப் பார்த்து, இயந்திரம் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று உறுதிசெய்துகொண்டோம். 'கிடைக்கிறது' என்று பச்சை நிறத்தில் காட்டினால் மட்டும் போதாது. சற்று முன்னால் யாரோ ஒருவர் அதில் சார்ஜ் ஏற்றியிருக்கிறார் என்றால்தான் நம்பலாம்.

கிளம்பும்போது திரை 52 காட்டியது. 50-க்கு 52 என்றதும் அவருக்கு மறுபடி பயம். திரையைப் பார்க்காதீர்கள், டிரிப் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டு 10 கிலோமீட்டருக்கு ஒரு முறை சதவீதத்தை மட்டும் யாராவது படித்துச் சொல்லட்டும் என்றேன். இடதுபுறத் தடத்தில், சீராக 70. பத்துக்கு 3 சதவீதம் இறங்கினால் சரி. 4 இறங்கினால் 60-க்குக் குறைக்க வேண்டும். 5 இறங்கினால் எங்கோ பிசகு. ஓரங்கட்டிவிட்டு அழைக்க வேண்டும். 15 கிலோமீட்டர் போன பிறகு பின்சீட்டிலிருந்து அவர் மனைவி அழைத்தார். சதவீதம் 18. திரையில் 53. பதினைந்து கிலோமீட்டர் ஓடியும் மீதித் தூரம் ஒன்று கூடியிருந்தது! காரின் ஊகம் புதிய வேகத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். 7 சதவீதத்தோடு சார்ஜரை அடைந்தார்கள்.

இந்தக் கணக்கு சமதளத்துக்கு. மலையில் இது எடுபடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே 9 யூனிட்டுக்கு அருகில் வேண்டும். சாலையில் உருளும் செலவு தனி. ஏறி முடிக்கும்போது திரை பீதியூட்டும் எண்ணைக் காட்டும், இறங்கி முடிக்கும்போது பேராசையூட்டும் எண்ணைக் காட்டும். இரண்டுமே மேட்டுப்பாளையம் தாண்டிய சமதளச் சாலைக்குப் பொருந்தாது. காற்றும் அப்படித்தான். தென்மேற்குப் பருவகாலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போகும்போது, 80-இல் ஓட்டினாலும் 20 வேக எதிர்க்காற்று இருந்தால் கார் 100-இல் போகும் எதிர்ப்பைத்தான் சந்திக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் விறுவிறுவென்று சுற்றினால் பத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதத்தையும் ஒரு விஷயத்தில் சந்தேகிக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் செல்லின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால் எவ்வளவு மிச்சம் என்பதை, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணித்தான் கார் சொல்கிறது. எண்ணிக்கையில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முழுக்கச் சார்ஜ் ஏறும்போதுதான் அது தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். மாதக்கணக்கில் 80-ஐத் தாண்டாமல் ஓட்டிய கார்களில், 12 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 5-க்குக் குதிப்பதை நாங்கள் பார்ப்பது உண்டு. இந்த வகை பேட்டரிக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளியில் 100 வரை ஏற்றிவிடுங்கள், குறிப்பாக நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு.

எல்லாம் மீறி சார்ஜ் தீரப்போகிறது என்றால் கார் முன்கூட்டியே சொல்லும். பல கார்களில் ஆமைச் சின்னம் தெரியும், மிதித்தாலும் வேகம் எழாது. சுழியத்துக்குக் கீழேயும் கொஞ்சம் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அடுத்த ஊர்வரை இழுக்காதீர்கள். அது காருக்குக் கார் மாறும். ஆமை தெரிந்ததுமே வெளிச்சமான, அகலமான ஓரம் பார்த்து இடதுபுறம் ஒதுக்கி, அபாய விளக்குகளைப் போட்டு, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் இறங்கி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம். வண்டி இழுக்க வருபவரிடம் மின்சார கார் என்பதை முதலிலேயே சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றிச் செல்லும் வண்டிதான் வேண்டும் என்று கேளுங்கள். மோட்டாரோடு பிணைந்த சக்கரங்கள் உருண்டால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கும். கயிறு கட்டி இழுத்துவந்த காரில் சார்ஜ் தீர்ந்ததோடு, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் பழுதாகியிருக்கலாம்.